திங்கள் மீட்டிங்கின் முதல் 30 செக்கன்: நாலு தொடக்கங்களில் எது?

எங்கள் ஸ்டோர்ஸ் பேலியகொடையில் இருக்கிறது. பிஸ்கட், பால்மா, சவர்க்காரம் என்று கொழும்புக் கடைகளுக்குச் சாமான் விநியோகிக்கிற சின்னக் கம்பனி. திங்கட்கிழமை காலை 8:30க்கு மீட்டிங். ரெப் மூன்று பேர், லொறிச் சாரதிகள் இருவர், ஸ்டோர்ஸ் பொறுப்பாளர், கணக்குப் பகுதியில் இருவர், நான். மொத்தம் ஒன்பது பேர். நடத்துகிறவன் நான்.

அந்த மீட்டிங்கை நான் எப்படித் தொடங்குவேன் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். அதனால் நான் வாய் திறந்து முதல் ஐந்து நிமிடம் யாரும் என்னைப் பார்ப்பதில்லை. ஒருவர் பிளேன்டீயை ஆற்றிக்கொண்டிருப்பார், ஒருவர் போனில் முந்தைய நாள் மெட்ச்சைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர்களைக் குறை சொல்ல முடியாது. அந்த ஐந்து நிமிடத்தில் கேட்க வேண்டியது ஒன்றும் இருக்கவில்லை.

பிறகு முதல் 30 செக்கனை முன்கூட்டியே எழுதி வைத்துக்கொண்டு பேசத் தொடங்கினேன். ஒரு பழைய பில்லின் பின்பக்கம் போதும். எழுத உட்கார்ந்தபோதுதான் எந்த வகைத் தொடக்கம் என்ற கேள்வி வந்தது. நாலு வகையை வேறு வேறு கிழமைகளில் பயன்படுத்திப் பார்த்தேன். இங்கே ஒப்பிட வசதியாக நாலையும் ஒரே விசயத்தில் எழுதிக் காட்டுகிறேன்.

விசயம் இது. ஒரு வியாழக்கிழமை வெள்ளவத்தை லைனில் 26 பில்லுக்குச் சாமான் போனது. அதில் 9 திரும்பி வந்தது. வழமையாக இரண்டோ மூன்றோதான் திரும்பும். ஒன்பதில் ஏழு கடைகளுக்கு லொறி பகல் பன்னிரண்டரைக்குப் பிறகுதான் போயிருக்கிறது. அந்த நேரத்தில் முதலாளி சாப்பிடப் போய்விடுவார். கடையில் நிற்கிற பொடியனால் செக் எழுத முடியாது. செக் இல்லாமல் சாமானை விட்டுவர எங்களுக்கு அனுமதி இல்லை.

எத்தனை சொல் எழுதலாம் என்பதையும் முதலே சொல்லிவிடுகிறேன். போனில் ஸ்டொப்வோட்ச் வைத்து, மீட்டிங்கில் பேசுகிற வேகத்திலேயே வாசித்துப் பார்த்தேன். தமிழில் 30 செக்கனுக்கு எனக்கு 50, 55 சொல் போகிறது. ஆனால் எங்கள் ஒன்பது பேரில் மூன்று பேருக்குச் சிங்களத்தில் சொன்னால்தான் சரியாக விளங்கும். அவர்களுக்காக ஒரு வரியையாவது திருப்பிச் சொல்ல வேண்டும். அதற்கு ஏழெட்டு செக்கன் ஒதுக்கினால், தமிழில் மிஞ்சுவது 40 சொல். கொழும்பில் மீட்டிங் நடத்துகிற பலருக்கும் இதே கணக்குத்தான் வரும் என்று நினைக்கிறேன். எந்தத் தொடக்கத்தைத் தெரிவது என்பதில் இந்த ஏழெட்டு செக்கனுக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

முதலாவது வகை, பழைய வகை. நிகழ்ச்சி நிரலை வாசிப்பது.

> "குட் மோர்னிங். எல்லாரும் வந்தாச்சா? சரி, தொடங்குவம். இண்டைக்கு நாலு விசயம் இருக்கு. போன கிழமை டெலிவரி, ஸ்டொக், கலெக்ஷன், கடைசியா லீவு. முதல் டெலிவரியைப் பாப்பம்."

இதில் பிழை ஒன்றும் இல்லை. பிந்தி வருகிறவர்களுக்கு இது வசதியும்கூட. எங்களில் இருவர் கரையோர ரெயிலில் வந்து, கோட்டையில் இறங்கி, பஸ் மாறி வருகிறார்கள். ரெயில் பிந்தினால் அவர்களும் பிந்துவார்கள். நிரலைத் தவறவிட்டால் அவர்களுக்கு எந்த நட்டமும் இல்லை. ஆனால் நேரத்துக்கு வந்த ஏழு பேருக்கும் அதே கணக்குத்தான்: அதைக் கேட்டு அவர்களுக்கும் எந்த இலாபமும் இல்லை. நேரத்துக்கு வந்தவனுக்கும் பிந்தி வந்தவனுக்கும் வித்தியாசம் இல்லாவிட்டால் அடுத்த கிழமை எல்லோரும் பிந்துவார்கள். தலைமையகத்திலிருந்து யாராவது வந்து உட்கார்ந்திருக்கும் நாளிலும், ஒவ்வொரு விசயத்துக்கும் வேறு ஆள் வந்து போகிற பெரிய கூட்டத்திலும் நிரல் வாசிப்பது சரி. ஒவ்வொரு கிழமையும் அதே ஒன்பது பேர் கூடுகிற இடத்துக்கு அது வேண்டாம். நாலு தலைப்பையும் சுவரில் இருக்கிற வெள்ளைப் பலகையில் எழுதிவிட்டால் போதும்.

இரண்டாவது, ஒரு எண்ணில் தொடங்குவது.

> "போன வியாழன் வெள்ளவத்தை லைனில 26 பில் போனது. 9 திரும்பி வந்திட்டுது. வழமையா ரெண்டு, மூண்டுதான் வரும். ஒன்பதில ஏழு, லொறி பன்னிரண்டரைக்குப் பிறகு போன கடைகள்."

சுருக்கமானது. சிங்களத்தில் திருப்பிச் சொல்லவும் சுலபம், எண் எந்த மொழியிலும் எண்தான். இதை எழுதும்போது கவனிக்க வேண்டியது, எண்ணைத் தனியே விடக்கூடாது என்பது. "9 பில் திரும்பியது" என்று மட்டும் சொன்னால் ஸ்டோர்ஸில் இருப்பவருக்கு அது கூடவா குறைவா என்று தெரியாது. பக்கத்தில் "வழமையா ரெண்டு, மூண்டு" வந்த பிறகுதான் 9 என்பது 9 ஆகிறது. வீதக் கணக்கும் உதவாது. 26இல் 9 என்பது 34.6 வீதம். சரியான கணக்கு, ஆனால் லொறிச் சாரதி வீதத்தை ஏற்றி இறக்குவதில்லை, பெட்டியைத்தான் ஏற்றி இறக்குகிறார்.

இந்த வகையின் கோளாறு எனக்கு விளங்க இரண்டு மாதம் எடுத்தது. நான் பேசி முடித்ததும் முதலில் வாய் திறப்பவர் என்ன சொல்கிறார் என்று குறித்துக்கொண்டு வந்தேன். தொடக்கம் எப்படிப் போனது என்று கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. நிரலில் தொடங்கிய நாட்களில் யாரும் வாய் திறக்கவில்லை. எண்ணில் தொடங்கிய நாட்களில் உடனே பதில் வந்தது, ஆனால் வந்ததெல்லாம் காரணங்கள். "அண்டைக்கு மழை, அண்ணை." "போயாவுக்கு முதல் நாள்தானே, ரோட் முழுக்க பிளொக்." கூடாத எண்ணைக் கேட்டவுடன் அந்த எண்ணோடு தொடர்புள்ளவர் தன்னைக் காப்பாற்றத் தொடங்குகிறார். மற்றவர்கள் தப்பினோம் என்று திரும்பப் போனைப் பார்க்கிறார்கள். கவனம் வருகிறது, ஆனால் ஒரே ஆளிடம் வருகிறது, அதுவும் பயத்தில்.

ஒவ்வொரு கிழமையும் எண்ணில் தொடங்கினால் அது வானிலை அறிக்கை மாதிரி ஆகிவிடும் என்பது இன்னொன்று. எண் எதிர்பாராமல் மாறிய கிழமைக்கு மட்டும் இதை வைத்துக்கொள்கிறேன்.

மூன்றாவது, சம்பவம். பேச்சுக்கலை சொல்லிக் கொடுப்பவர்களுக்கெல்லாம் பிடித்தது இதுதான்.

> "வியாழன் பகல் பன்னிரண்டே முக்கால். வெள்ளவத்தை மார்க்கெட்டுக்குப் பக்கத்துக் கடை. பன்னிரண்டு பெட்டி இறக்கியாச்சு. முதலாளி சாப்பிடப் போயிட்டார். கவுண்டரில நிண்ட பொடியன், 'முதலாளி வரட்டும், பிறகு வாங்கோ' எண்டிட்டான். பின்னால பஸ்காரன் ஹோர்ன் அடிக்கிறான். பன்னிரண்டு பெட்டியையும் திரும்ப ஏத்தினம்."

எல்லோரும் நிமிர்ந்து பார்ப்பார்கள், அதில் சந்தேகம் இல்லை. நாலு வகையிலும் மிக வேகமாகக் கவனத்தைப் பிடிப்பது இதுதான். ஆனால் முதலில் வருகிற பதிலைக் கேளுங்கள்: "எந்தக் கடை அண்ணை? மற்றப் பக்கம் இருக்கிறதா?" கவனம் கடைக்குப் போய்விட்டது, பிறகு அந்த முதலாளிக்கு, அவருடைய மகனின் கல்யாணத்துக்கு. நான் அதைத் திரும்ப இழுத்து நேரப் பிரச்சினைக்குக் கொண்டுவர இன்னும் மூன்று நிமிடம். சிங்களத்தில் திருப்பிச் சொல்வதிலும் இது உடைந்துவிடும். ஒரு கதையை முதலில் தமிழில் சொல்லி மற்றவர்கள் சிரித்து முடித்த பிறகு அதையே இரண்டாம் தரம் சொன்னால் அதில் உயிர் இருக்காது. பிந்தி வந்தவருக்குச் சொல்வதும் அப்படித்தான். எண்ணையும் கேள்வியையும் இரண்டாம் தரம் சொல்லலாம், கதையைச் சொல்ல முடியாது.

இதில் நான் ஒருமுறை நன்றாக வாங்கிக் கட்டியிருக்கிறேன். ஒரு ரெப், கடனெல்லை முடிந்துபோன கடைக்கு ஓடர் எடுத்துவிட்டார். சாமான் போய்த் திரும்பி வந்தது. அதைச் சம்பவமாக எழுதி, பெயர் சொல்லாமல், கொஞ்சம் பகிடியாகவும் சொன்னேன். பெயர் சொல்லாததால் பிரச்சினை வராது என்று நினைத்தேன். எங்கள் அறையில் ஒன்பது கதிரைதான். நான் இரண்டாவது வாக்கியத்துக்கு வரும்போதே எட்டுப் பேரும் அவரைப் பார்த்துவிட்டார்கள். அதற்குப் பிறகு ஏழெட்டுக் கிழமை அந்தத் தம்பி மீட்டிங்கில் ஒரு சொல்லும் கதைக்கவில்லை. வெளியே, லொறிப் பக்கத்தில் நிற்கும்போது நன்றாகத்தான் கதைத்தார். அதிலிருந்து எழுதும்போது ஒரு சோதனை வைத்திருக்கிறேன். சம்பவத்தின் எழுவாயைப் பார்ப்பேன். "லொறி போனது", "பெட்டி திரும்பியது", "நான் மறந்தேன்" என்றால் சொல்லலாம். எழுவாய் அறையில் இருக்கிற இன்னொருவர் என்றால் அந்தத் துண்டைக் கிழித்துப் போடுவேன்.

இதற்கு ஒரு உறவுக்கார வகை இருக்கிறது: விடையை மறைத்து வைத்துக் கேட்பது. "ஒன்பது கடையில ஏழு ஒரே காரணத்துக்காகத் திருப்பினது, என்ன காரணம் எண்டு சொல்லுங்கோ பாப்பம்?" பள்ளிக்கூட வாசம் அடிக்கிறது. விடை தெரிந்துகொண்டு கேட்கிறவனுக்குப் பதில் சொல்ல வளர்ந்த மனிதர்களுக்கு விருப்பம் இருக்காது. ஆனாலும் இந்த வகைக்குள் ஒரு உண்மை ஒளிந்திருக்கிறது. ஆர்வத்தைப் பற்றி ஜோர்ஜ் லோவன்ஸ்டைன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1994இல் எழுதிய கட்டுரையின் கருத்து இது: தெரிந்ததற்கும் தெரிய வேண்டியதற்கும் நடுவில் ஒரு இடைவெளி இருப்பதை ஆள் உணரும்போதுதான் ஆர்வம் வருகிறது. ஒன்றுமே தெரியாத விசயத்தில் ஒருவருக்கு ஆர்வமும் வருவதில்லை. எங்கள் ஒன்பது பேருக்கும் வெள்ளவத்தை லைன் உள்ளங்கை மாதிரி. இடைவெளி ஏற்கனவே சின்னது. ஆகவே பின்னணி சொல்லி ஆர்வத்தை வளர்க்க வேண்டிய தேவையே இல்லை, தெரியாத அந்த ஒரு துண்டை நேரே மேசையில் வைத்தால் போதும். வழமையான மீட்டிங்குக்கும் வெளியாட்களுக்குப் பேசுவதற்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. புத்தி சொல்லுகிற பலர் இரண்டையும் ஒன்றாகக் குழப்புகிறார்கள்.

நாலாவது, இன்றைக்கு எடுக்க வேண்டிய முடிவை முதல் வாக்கியத்திலேயே சொல்வது. எனக்குக் கைவந்தது இதுதான், அதனால் இதை எப்படி எழுதினேன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஞாயிறு பின்னேரம் முதலில் எழுதிய வரி இது: "போன கிழமை டெலிவரியில சில பிரச்சினைகள் வந்தது, அதைப் பற்றி இண்டைக்குக் கதைப்பம்." எழுதிவிட்டுப் பார்த்தால் இதில் இரண்டு ஓட்டை. "சில பிரச்சினைகள்" என்றால் ஒன்பது பேரும் ஒன்பது பிரச்சினையை நினைப்பார்கள். ஸ்டோர்ஸ் அண்ணை உடைந்த ட்ரொலியை நினைப்பார், சாரதி டீசல் காசை நினைப்பார். மற்றது "கதைப்பம்." கதைப்பதற்கு முடிவு கிடையாது, கதைத்துக்கொண்டே இருக்கலாம். அதை வெட்டிவிட்டு என்னையே கேட்டேன்: இந்த மீட்டிங் முடிந்து எழும்பும்போது எது தீர்ந்திருக்க வேண்டும்? வந்த விடையை அப்படியே முதல் வரியாக்கினேன். பிறகு ஏன் கேட்கிறேன் என்பதற்கு ஒரே ஒரு எண். கடைசியாக, முதலில் யார் பதில் சொல்ல வேண்டும் என்பது. இந்தக் கடைசித் துண்டைப் பலர் விட்டுவிடுவார்கள். விட்டால் 30 செக்கன் நன்றாகப் பேசிவிட்டு, அடுத்த 30 செக்கன் எல்லோரும் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

> "இண்டைக்கு ஒரு முடிவு எடுக்க வேணும். வெள்ளவத்தை லொறியை முதல் நாள் பின்னேரமே ஏத்தி வைக்கிறதா, இல்லாட்டி காலமை வெள்ளவத்தையை முதல் முடிச்சிட்டு பம்பலப்பிட்டிக்குத் திரும்புறதா? வியாழன் 9 பில் திரும்பினதாலதான் கேக்கிறன். ஸ்டோர்ஸ் அண்ணை, நீங்கள் முதல் சொல்லுங்கோ: பின்னேரம் ஏத்துறதெண்டா நாட்டாமிமார் எத்தின மணி வரைக்கும் நிக்க வேணும்?"

நாற்பது சொல்லுக்குக் கொஞ்சம் குறைவு. சிங்களத்தில் அந்த "இதா, அதா" வரியை மட்டும் திருப்பிச் சொன்னேன். எல்லாம் சேர்த்து 32 செக்கன். முழுவதையும் மனப்பாடம் செய்யவில்லை, முதல் வாக்கியமும் கடைசிக் கேள்வியும் மட்டும்தான். நடுவில் சொல் தடுமாறினால் பரவாயில்லை, தொடக்கமும் முடிவும் தடுமாறக் கூடாது.

முதலில் வந்த பதில் ஸ்டோர்ஸ் அண்ணையிடமிருந்து: "ஆறரை ஆகும் தம்பி. ஒருத்தர் நிப்பார், மற்றவர் வத்தளைக்குப் போக வேணும், நிக்க மாட்டார்." காரணம் இல்லை, சாட்டு இல்லை. மீட்டிங் தொடங்கி ஒரு நிமிடத்துக்குள் கையில் ஒரு நேரமும் ஒரு தடையும் இருந்தது. ரெயில் பிந்தி 8:36க்கு வந்தவருக்கு நான் திருப்பிச் சொன்னது ஒரே வரி: "பின்னேரம் ஏத்துறதா, ரூட்டை மாத்துறதா எண்டு பாக்கிறம்." அவர் உட்காரும்போதே பம்பலப்பிட்டியில் எந்தக் கடை பிந்தினாலும் பொறுக்கும் என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்தார்.

இந்த வகையிலும் கோளாறு இருக்கிறது, அதே மீட்டிங்கில் அதுவும் தெரிந்தது. நான் இரண்டு வழியை வைத்தேன். தமிழில் கேட்டவர்கள் அந்த இரண்டுக்குள்ளேயே பத்து நிமிடம் மோதிக்கொண்டார்கள். சிங்களத்தில் அரைகுறையாகக் கேட்ட லொறி அய்யாதான் மூன்றாவதைச் சொன்னார். லொறி பம்பலப்பிட்டியில் இருந்து எடுக்கும்போது கடைக்கு ஒரு கோல் கொடுத்தால், முதலாளி செக்கை எழுதிக் கவுண்டரில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போவார்தானே, தொகைதான் பில்லில் இருக்கிறதே என்றார். கூலி இல்லை, ரூட் மாற்றம் இல்லை. என் கேள்வி நல்ல கேள்விதான், ஆனால் அது வேலி போட்ட கேள்வி. இப்போதெல்லாம் இரண்டு வழியைச் சொன்ன பிறகு "இல்லாட்டி வேற வழி" என்று இரண்டு, மூன்று சொல்லைச் சேர்த்து எழுதுகிறேன். நாற்பது சொல்லுக்குள் அதற்கு இடம் ஒதுக்கலாம்.

இன்னொரு கோளாறு, முடிவு ஏற்கனவே எடுக்கப்பட்டிருக்கும்போது கேள்வியாகக் கேட்பது. எங்கள் கம்பனி முதலாளி ஞாயிற்றுக்கிழமையே போனில் சொல்லிவிட்டார், நான் திங்கட்கிழமை "என்ன செய்வம்?" என்று கேட்கிறேன். ஒன்பது பேரில் ஒருவருக்காவது அது தெரிந்திருக்கும். பத்து நிமிடத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடும். அதற்குப் பிறகு நான் உண்மையாகக் கேட்கும் கேள்விக்கும் பதில் வராது. அப்படியான கிழமைகளில், "பின்னேரம் ஏத்துறதெண்டு முடிவாயிட்டுது, ஆர் நிக்கிறது எண்டதுதான் மிச்சம்" என்று தொடங்குகிறேன். மிச்சம் இருக்கிற துண்டு சின்னதாக இருந்தாலும் அது நிஜமான துண்டு.

ஆக என் தெரிவு: வழமையான திங்கட்கிழமைக்கு நாலாவது. எண் திடீரென்று குதித்த கிழமைக்கு இரண்டாவது, அப்போதும் கடைசி வரியில் ஒருவரிடம் ஒரு கேள்வி. சம்பவம் மாதத்துக்கு ஒருமுறை, அதிலும் மாட்டிக்கொண்ட ஆள் நானாக இருந்தால் மட்டும். நிரலுக்கு வெள்ளைப் பலகை.

அடுத்த வியாழன் வெள்ளவத்தையில் 3 பில் திரும்பியது. அதில் ஒன்று முதலாளி செக்கை எழுதி வைத்தும் கையெழுத்துப் போட மறந்தது. அதற்கு அடுத்த ஞாயிறு பின்னேரம் பில்லைத் திருப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன், முதல் வரி வரவில்லை. அரை மணித்தியாலம் பார்த்தேன். தீர்க்க வேண்டியது ஒன்றும் இல்லை, லீவு விசயம் மட்டும்தான். வாட்ஸ்அப் குரூப்பில் மூன்று வரி போட்டுவிட்டு, திங்கள் மீட்டிங் இல்லை என்றும் சேர்த்தேன். முதலில் கட்டைவிரல் காட்டியது, கோட்டையில் பஸ் மாறி வருகிற இருவரும்.